ஆடிட்டர் கேட்ட ஆவணங்களை எப்படி அடுக்கி அனுப்புவது?

"ராணிப்பேட்டையில் சின்ன தோல் யூனிட். வருட முடிவுக்கு ஆடிட்டர் 32 ஆவணம் கேட்டு லிஸ்ட் அனுப்பியிருக்கிறார். எப்படி அனுப்பினால் திரும்பத் திரும்பக் கேட்க மாட்டார்?"

அவர் லிஸ்டில் உள்ள எண்ணையே ஃபைல் பெயரின் முன்னால் போடுங்கள். நீங்களாக வேறு வரிசை போட வேண்டாம். கூடவே ஓர் எக்செல் அட்டவணை: எண், விவரம், ஃபைல் பெயர், டிரையல் பேலன்ஸ் தொகை, குறிப்பு.

அந்தத் தொகைக் கட்டம்தான் முக்கியம். 7-ஆவது பேங்க் ஸ்டேட்மென்ட் என்று வையுங்கள். மார்ச் 31 அன்று பேங்கில் ரூ.4,82,000, டேலியில் ரூ.4,10,000. இப்படியே அனுப்பினால் அன்று மாலையே போன் வரும். ரூ.72,000 எங்கே? மார்ச் 29-இல் கெமிக்கல் கடைக்குக் கொடுத்த செக், ஏப்ரல் 4-இல்தான் பாஸானது. ஆக மூன்று ஃபைல், இதில் BRS என்பது பேங்க் இருப்பையும் டேலி இருப்பையும் ஒப்பிட்டு வித்தியாசத்தைக் காட்டும் அட்டவணை:

```
07a_Bank_Statement.pdf
07b_BRS_31Mar.xlsx
07c_Bank_April.pdf
```

குறிப்பில் 'வித்தியாசம் ரூ.72,000, 07c பார்க்க' என்று எழுதிவிடுங்கள்.

ஸ்டாக் லிஸ்டில், வாணியம்பாடிக்கு ஜாப் ஒர்க்குக்குப் போன தோலைத் தனி வரியில் காட்டி, சலானையும் அங்கிருந்து வாங்கிய இருப்புக் கடிதத்தையும் சேருங்கள். நிறையப் பேர் கோட்டை விடுவது இங்கேதான்.

கிடைக்காத ஆவணத்துக்குக் கட்டத்தை வெறுமையாக விடாமல், 'பொருந்தாது' என்றோ வரும் தேதியையோ போடுங்கள். அப்புறம் ஃபைலை மாற்றினால் பழைய பெயரிலேயே அனுப்பாதீர்கள், கடைசியில் v2 சேருங்கள்.