பொழுது போகுதடி, நாலு தரம்

வணக்கம் ஐயா,

நான் ஹட்டனுக்குப் பக்கத்தில் ஒரு தோட்டப் பாடசாலையில் படிப்பிக்கிறேன். எங்கள் பிள்ளைகள் அடுத்த மாதம் கொழும்பில் நடக்கும் ஒரு இசை நிகழ்ச்சியில் என் அம்மாயி தேயிலை எடுக்கும்போது பாடின கொழுந்துப் பாட்டு ஒன்றைப் பாடுகிறார்கள். நிகழ்ச்சி நிரல் புத்தகத்தில் ஆங்கில மொழிபெயர்ப்பும் வேண்டும் என்கிறார்கள், ஒரு பக்கத்துக்குள். பாட்டு இதுதான்:

பனி விலகு முன்னே பிரட்டுக்குப் போகணுமே
பொழுது போகுதடி ஏலேலோ
நாலாம் நம்பர் மலையினிலே நாலு நெரை பாக்கியடி
பொழுது போகுதடி ஏலேலோ
கூடை நெறையலியே கொழுந்து முத்திப் போச்சுதடி
பொழுது போகுதடி ஏலேலோ
கங்காணி கணக்கினிலே அரைப்பேரு ஆச்சுதடி
பொழுது போகுதடி ஏலேலோ

கடைசியில் எல்லோரும் ஏலேலோவை மட்டும் பாடி ஓய்வார்கள். ஒரே வரியை நாலு முறை அச்சடித்தால் சலிப்பாக இருக்காதா? அதனால் ஒவ்வொரு இடத்திலும் வேறு வேறாக எழுதிப் பார்த்தேன். ஏலேலோவுக்குத்தான் சரியாக ஒன்றும் கிடைக்கவில்லை. என் வரைவை இணைத்திருக்கிறேன். பார்த்துச் சொல்வீர்களா?

ஒரு ஆசிரியை, ஹட்டன்

வணக்கம் டீச்சர்,

ஏலேலோவிலிருந்தே தொடங்குகிறேன், ஏனென்றால் அதில் நான் ஒருமுறை நன்றாகச் சறுக்கி விழுந்தவன். பல வருசத்துக்கு முன் கண்டியில் ஒரு நிகழ்ச்சிக்கு இதே மாதிரி ஒரு பாட்டை மொழிபெயர்த்தபோது, ஏலேலோவுக்கு 'ஹீவ்-ஹோ' என்று போட்டேன். அகராதிப்படி அது குற்றமில்லை. பாட்டு தொடங்கி இரண்டாவது வரியில் முன்வரிசையில் ஒரு சிரிப்புச் சத்தம். கப்பற்காரர்கள் கயிறு இழுக்கிற படம் அவர்கள் கண்ணில் வந்துவிட்டது. மேடையிலோ ஐந்து பெண்கள் கூடையோடு நிற்கிறார்கள்.

தவறு வெறும் சொல்லில் இல்லை. தோணி தள்ளும்போதும் மரம் இழுக்கும்போதும் ஏலேலோ விழுகிற இடத்தில் எல்லோருடைய பலமும் ஒன்றாக விழும். கொழுந்து எடுப்பதில் அப்படி ஒரு பொது அடி கிடையாது. நெரை என்கிற செடி வரிசை அவரவருக்குத் தனி, கை வேகமும் தனி. ஒருத்தி செடியின் மட்டம் பார்க்கிற மட்டக்கம்பைத் தூக்கி முன்னால் போடும்போது அடுத்தவள் இன்னும் பின் செடியில் நிற்பாள். அங்கே ஏலேலோ கையைச் சேர்க்கவில்லை, குரலைச் சேர்க்கிறது. பனி மூடின மலையில் அடுத்த நெரையில் ஆள் இருக்கிறாள் என்பதே பதில் குரலில்தான் தெரியும். 'ஹீவ்-ஹோ' இழுப்பு வேலையின் சொல், இந்த வேலைக்கு ஒட்டாது.

ஆகவே மொழிபெயர்க்காதீர்கள். பக்கத்தை இரண்டாகப் பிரித்து, இடப்பக்கம் தமிழ்ப் பாட்டை ஆங்கில எழுத்திலும் வலப்பக்கம் அதன் பொருளையும் போடுங்கள். ஏலேலோ இடப்பக்கம் மட்டும் இருக்கட்டும். தமிழ் தெரியாதவருக்கு அதுதான் கைப்பிடி: ஒரு பாட்டில் முதலில் பிடிபடுகிற சத்தம் திரும்பத் திரும்ப வருகிற சத்தம். ஒன்று கவனியுங்கள். முதல் எழுத்து நெடில் என்று காட்ட ஆங்கில 'ஈ'யை இரட்டித்தால் அவர்கள் அதை 'ஈலேலோ' என்று வாசிப்பார்கள். ஒற்றையாகவே விடுங்கள். பொழுதில் வரும் ழகரத்துக்கு 'இசட்', 'எச்' இரண்டையும் சேர்த்துப் போடுவது இந்தியப் பழக்கம். கொழும்பு வாசகர் அதைப் பார்த்து இசட் சத்தத்தைத் தேடுவார், மேடையில் அது வராது. 'தமிழ்' என்ற சொல்லையே ஆங்கிலத்தில் 'எல்' போட்டு முடிக்கிறோம், இதற்கும் அதுவே போதும்.

இனி பொழுது. உங்கள் வரைவில் அது முதலில் 'டைம் ஃப்ளைஸ்', பிறகு 'இட் இஸ் கெட்டிங் லேட்', பிறகு 'த சன் இஸ் செட்டிங்', கடைசியில் 'த டே இஸ் கான்'. தனித்தனியாகப் பார்த்தால் எதுவும் பிழையில்லை. பொழுது என்றால் நேரம், பொழுது என்றால் சூரியன், பொழுது என்றால் பகல். நீங்கள் ஒவ்வொரு அடிக்கும் ஒரு பொருளை எடுத்துக் கொடுத்திருக்கிறீர்கள். ஆனால் பாட்டு அப்படிக் கொடுக்கவில்லை. விடியுமுன் சொல்லும்போது அது அவசரம். நெரை பாக்கி என்ற பிறகு அது கணக்கு. கூடை நிறையாதபோது பயம். அரைப்பேர் விழுந்து கூலி பாதியான பிறகு என்னவென்று சொல்வது? சொல் அதேதான், சொல்கிறவள் நிலைமைதான் மாறியிருக்கிறது. நீங்கள் சொல்லை மாற்றினால் அந்த மாற்றத்தை வாசகர் தானாகக் கண்டுபிடிக்க வழியில்லை. சலிப்பு வருமே என்கிறீர்கள். அவர்கள் அதைப் படித்துக்கொண்டு மட்டும் இருக்கப்போவதில்லை, கேட்கவும் போகிறார்கள். மேடையில் நாலு முறை ஒரே ராகம், ஒரே சொல் வருகிறது. பக்கத்தில் நாலு வேறு வாக்கியம் இருந்தால் தாங்கள் இடம் தவறிவிட்டோம் என்றுதான் நினைப்பார்கள்.

அப்படியென்றால் நாலு இடத்துக்கும் பொய்யில்லாமல் நிற்கிற ஒரே வரி வேண்டும். 'சன்' வைத்தால் முதல் அடியில் பொய். இன்னும் பனியே விலகவில்லை. 'டைம் ஃப்ளைஸ்' கடிகாரம் பார்க்கிறவர் பேச்சு, அதோடு அது பழகித் தேய்ந்துபோன சொல். 'பாஸிங்' என்றால் ஆங்கிலத்தில் சாவின் சாயல் ஏறிக்கொள்ளும். நான் வைப்பது 'த டே இஸ் கோயிங்'. சப்பென்று இருக்கிறதா? இருக்கட்டும். பக்கத்து அடிகள்தான் அதற்கு உப்புப் போடவேண்டும்.

இதில் இன்னொரு லாபம் கிடைத்தது, வரைவை இரண்டாம் முறை படிக்கும்போதுதான் கவனித்தேன். மூன்றாம் அடியில் கொழுந்து முத்திப் *போச்சு*, நாலாம் அடியில் அரைப்பேர் *ஆச்சு*. இரண்டும் முடிந்துபோன காரியம். பொழுது மட்டும் கடைசிவரை *போகுது*. நீங்கள் கடைசியில் 'கான்' என்று மாற்றியது அழகாகத்தான் இருக்கிறது, ஆனால் உங்கள் அம்மாயி அதைச் செய்யவில்லை. கூலி பாதியான பிறகும் பகல் முடிந்தபாடில்லை. 'கோயிங்' என்றே விடுங்கள். முத்திப் போச்சு என்பதற்கு 'கான் ஹார்ட்' என்று வைத்தால், தமிழில் போச்சும் போகுதும் ஒரே வினையாக நிற்பதுபோல ஆங்கிலத்திலும் 'கான்', 'கோயிங்' இரண்டும் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டு நிற்கும். இப்படி ஒன்று தானாக வந்து விழுவது அபூர்வம்.

அந்த இடத்தில் நீங்கள் 'ரைப்' என்று போட்டிருக்கிறீர்கள். அது மாம்பழத்துக்குச் சரி. கொழுந்து முத்துவது நட்டம்: அந்த மலைக்குத் திரும்ப வருகிற சுற்று தள்ளிப்போனால் இரண்டு இலையும் மொட்டுமாக எடுக்கவேண்டியது தடித்துவிடும், ஸ்டோரில், அதாவது தேயிலை ஆலையில், அதைக் கழித்துவிடுவார்கள். 'ரைப்' என்று படிக்கிற கொழும்புக்காரர் நல்ல அறுவடை என்று மகிழ்ந்துபோவார்.

'நாலாம் நம்பர் மலை'யை 'ஃபோர்த் மவுண்டன்' ஆக்கியதும் அதே வகை. நாங்கள் "இன்னைக்கு எந்த மலை?" என்று கேட்கும்போது சிகரத்தையா கேட்கிறோம்? துரைமார் அதை 'ஃபீல்ட்' என்றார்கள். 'ஃபீல்ட் நம்பர் ஃபோர்' என்று எழுதுங்கள். வறண்டு இருப்பதே நல்லது, எண் போட்டுப் பிரித்த நிலம் என்பது தெரியும். பிரட்டு வேடிக்கையான சொல். ஆங்கில 'பரேட்' எங்கள் வாயில் தேய்ந்து பிரட்டானது. அதைத் திருப்பி 'பரேட்' என்று எழுதினால் வாத்தியக் குழு வந்துவிடும். வேலைக்கு ஆள் எண்ணுகிற இடம்தானே, 'மஸ்டர்' சரி.

அரைப்பேரில்தான் நான் அதிக நேரம் நின்றேன். நீங்கள் 'ஹாஃப் பே' என்று எழுதியிருக்கிறீர்கள். பொருள் முழுதாக வந்துவிட்டது, பாட்டு போய்விட்டது. ஒரு நாள் வேலை, செக்ரோல் என்கிற தோட்டத்து வேலைப் பதிவேட்டில் ஒரு பேராக விழுகிறது. சொன்ன ராத்தல் எடுக்காதவளுக்குப் பாதிப் பேர்தான். தோட்டத்து ஆங்கிலத்திலும் அது 'ஹாஃப் நேம்' என்றே வழங்கியது. ஆகவே 'ஹாஃப் அ நேம்' என்று துணிந்து போடலாம், நாம் புதிதாக எதையும் நுழைக்கவில்லை. தன் பெயரே பாதியாகிறது என்று கேட்கிறவருக்கு ஒரு கணம் உறைக்கும். ஆனால் விளக்கம் வேண்டும், அதை அடிக்குறிப்பாகப் போடாதீர்கள். விளக்கை மங்கலாக்கிய அரங்கில் யாரும் பக்கத்தின் அடிக்குக் கண்ணைக் கொண்டுபோய்த் திரும்ப மாட்டார்கள். பாட்டுக்கு மேலே, விளக்கு எரியும்போது படிக்கிற இடத்தில், இரண்டே வாக்கியம் போதும்: தேயிலைத் தோட்டத்தில் ஒருத்தி தொடங்க மற்றப் பெண்கள் பதில் பாடுவது இந்தப் பாட்டு, ஒரு நாள் கூலிக்குத் தோட்டத்தில் 'பேர்' என்று பெயர்.

அந்த முதல் வாக்கியம் இன்னொரு சிக்கலையும் தீர்த்துவிடுகிறது. 'போகுதடி'யில் உள்ள 'டி'க்கு நீங்கள் 'கேர்ல்' என்று வைத்திருந்தீர்கள். இது தோழி தோழியைக் கூப்பிடுகிற 'டி'. 'கேர்ல்' என்றதும் மேலே ரோட்டில் நிற்கிற துரையின் குரல் கேட்கிறது எனக்கு. 'சிஸ்டர்' என்றால் ஆஸ்பத்திரி. பெண் பெண்ணுக்குப் பாடுகிறாள் என்று மேலேயே சொல்லியாயிற்று, பாட்டுக்குள் அதை விட்டுவிடலாம். இழப்புத்தான், சிறிய இழப்பு.

அச்சில் நாலு முறையும் அந்த வரியை முழுதாகவே போடுங்கள், கொஞ்சம் உள்ளே தள்ளி, சாய்வெழுத்தில். 'பல்லவி, இரண்டு தரம்' என்ற மாதிரிக் குறிப்பு பாடுகிறவருக்கு உதவும், கேட்கிறவருக்கு உதவாது. எதுகைக்காகவும் மெட்டுக்காகவும் மெனக்கெட வேண்டாம். இதை யாரும் ஆங்கிலத்தில் பாடப்போவதில்லை. எழுத்து சிறுத்துவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். பக்கம் திருப்பினால் அந்தச் சரசரப்பு ஏலேலோவின் மேலேயே விழும், ஆகவே எல்லாம் ஒரே முகத்தில் அடங்கவேண்டும்.

அச்சுக்குக் கொடுக்குமுன் ஒரு காரியம் செய்யுங்கள். உங்கள் பாடசாலையில் தமிழ் தெரியாத ஒருவர் இருப்பார், சிங்களம் படிப்பிக்கிற டீச்சராவது. ஒத்திகையில் அவர் கையில் இந்தத் தாளைக் கொடுத்து, பாட்டு போகிற இடத்தில் விரலை வைத்துக்கொண்டே வரச் சொல்லுங்கள். மூன்றாம் அடியில் பிள்ளைகளைச் சட்டென்று நிறுத்துங்கள். விரல் 'கான் ஹார்ட்' வரியில் இருந்தால் தாள் சரி. வேறெங்காவது நின்றால் அவரைக் குறை சொல்லாமல் தாளைத் திருத்துங்கள். பெரும்பாலும் இரண்டு பக்கத்து வரிகளும் நேருக்கு நேர் நிற்காததுதான் காரணமாக இருக்கும்.

பிள்ளைகள் ஏலேலோவை மட்டும் பாடி ஓய்கிற அந்தக் கடைசி இடத்துக்கு உங்கள் வரைவில் 'அலாஸ்' என்று ஒன்று இருக்கிறது. அதை எடுத்துவிடுங்கள். இடப்பக்கம் ஏலேலோ இருக்கட்டும். வலப்பக்கம் ஒன்றும் வேண்டாம், வெறும் தாள்.