பழைய டேப்

கேள்வி: ஓசூர்ப் பக்கம் ஒரு வாகன உதிரிபாகத் தொழிற்சாலையில் பாதுகாப்பு அதிகாரியாக இருக்கிறேன். போன மாதம் பவர் பிரஸ்ஸில் 24 வயது இளைஞர் ஒருவரின் இடது ஆள்காட்டி விரல் நுனி துண்டாகிவிட்டது. 16 பக்க விசாரணை அறிக்கையை மேலாண்மைக் கூட்டத்துக்காக ஒரே பக்கமாகச் சுருக்கச் சொல்கிறார்கள். காரணம்: தொழிலாளியின் கவனக்குறைவு. நடவடிக்கை: பயிற்சி. நிலை: முடிந்தது. இப்படி எழுதி வைத்திருக்கிறேன். ஒரு புகைப்படத்தில் இடது பொத்தானை அழுத்திப் பிடித்தபடி பழைய இன்சுலேஷன் டேப் ஒட்டியிருக்கிறது. இடமில்லாததால் அதைச் சேர்க்கவில்லை. எனக்கு இந்த வேலையை வாங்கித் தந்த உற்பத்தி மேலாளர் அண்ணன் மாதிரி. அவர் மனம் நோகாமல் எழுதுவது எப்படி?

பதில்: டேப் பழையது என்று நீங்களே எழுதிவிட்டீர்கள். அன்று காலை ஒட்டிய டேப் பளபளவென்று இருக்கும். ஓரம் சுருண்டு, எண்ணெயும் தூசியும் ஏறிக் கறுத்த டேப் பல ஷிப்டுகளைப் பார்த்தது. சூப்பர்வைசர் அதைக் கடந்து போயிருக்கிறார், பராமரிப்பு ஃபிட்டர் போயிருக்கிறார், நீங்களும் போயிருக்கிறீர்கள். இத்தனை பேர் காணாததற்கு அந்தப் பையனின் கவனக்குறைவு என்று பெயர் வைத்திருக்கிறீர்கள்.

பிரஸ்ஸுக்கு இரண்டு பொத்தான் வைப்பதே, மேலிருந்து இறங்கி அழுத்தும் ராம் வரும்போது இரண்டு கையும் தகடு வைக்கும் அச்சான டைக்கு வெளியே இருக்க வேண்டும் என்பதற்காக. இடது பொத்தானை டேப் பார்த்துக்கொண்டது. இடது கை தகட்டை எடுத்து வைக்கப் போனது. இடது விரல் போனது. ஆனால் இதோடு நிறுத்தினாலும் பழி பையன் மேல்தான் விழும். ஒழுங்கான இரு கைக் கட்டுப்பாடு டேப்புக்கு ஏமாறாது. இரண்டு பொத்தானையும் அரை விநாடி இடைவெளிக்குள் சேர்த்து அழுத்தினால்தான் ராம் இறங்கும். இரண்டையும் விட்டுவிட்டு மறுபடி அழுத்தினால்தான் அடுத்த முறை இறங்கும். உங்கள் பிரஸ் ஒரு பொத்தான் கட்டிக்கிடந்தும் இறங்கியிருக்கிறது. ஆக, அந்த ஏற்பாடு அதில் இல்லை, அல்லது யாரோ துண்டித்திருக்கிறார்கள். காரணம் என்ற இடத்தில் வர வேண்டியது இதுதான். டேப்பை யார், எப்போது ஒட்டினார் என்று விசாரணையில் தெரியவில்லை என்றால், தெரியவில்லை என்றே எழுதுங்கள். இடம் போதாவிட்டால் ‘கவனக்குறைவு’ என்ற வரியை எடுங்கள்.

பாதிப்பைப் பற்றி நீங்கள் சுருக்கி வைத்திருக்கும் பக்கத்தில் ஒரு வார்த்தையும் இல்லை. கூட்டத்தில் இயந்திரம் நின்ற மணிக்கணக்கைத்தான் முதலில் கேட்பார்கள். நீங்கள் அதைக் கடைசியில் எழுதுங்கள். எந்த விரல், எந்தக் கணு வரை, எத்தனை நாள் வேலைக்கு வரவில்லை, ஈஎஸ்ஐ பணம் கைக்கு வந்துவிட்டதா, பழைய வேலைக்கே திரும்ப முடியுமா என்பவைதான் முதலில். என் சித்தப்பா ஒரு பட்டறையில் இரண்டு விரலை விட்டுவிட்டு வந்தவர். சட்டைப் பொத்தான் போட முப்பது வருடம் சித்தி துணை வேண்டியிருந்தது. அந்தப் பட்டறைக் கணக்கில் அது ‘சிறு காயம்’.

டேப்பைப் பிய்த்தது அன்றைய அவசர வேலை, அதைத் திருத்த நடவடிக்கையில் சேர்க்காதீர்கள். கட்டுப்பாட்டு மின்சுற்றை மாற்றுவதும், கூடத்தில் உள்ள மற்ற பிரஸ்கள் எல்லாவற்றையும் இதே கண்ணோடு பார்ப்பதும்தான் திருத்தம். ஒவ்வொன்றுக்கும் பொறுப்பாளர் ஒருவர், கெடு தேதி ஒன்று. பயிற்சி இருக்கட்டும், கீழே ஒரு வரியாக.

‘முடிந்தது’ என்ற சொல்லுக்கு ஒரு சோதனை உண்டு. டையில் தகடு இல்லாமல், எல்லோரையும் விலக்கி நிறுத்தி, இடது பொத்தானை ஃபிட்டர் அழுத்திப் பிடிக்கட்டும். ஒரு விநாடி கழித்து வலதை அழுத்தட்டும். ராம் அசையக் கூடாது. கையை மாற்றி மறுபடியும் பார்க்க வேண்டும். எந்தத் தேதியில், யார் முன்னிலையில் பார்த்தது என்று எழுதினால் அது முடிந்தது. சுற்று மாற்றியாகிவிட்டது, சோதிக்கவில்லை என்றால் ‘செய்யப்பட்டது, சரிபார்க்கவில்லை’. பாகம் வரவில்லை என்றால் ‘நிலுவை’, எத்தனை நாள் தாமதம் என்பதோடு. தாமதத்தைக் காட்டினால்தான் கூட்டத்தில் பணம் ஒதுக்குவார்கள்.

அண்ணனுக்கு வருகிறேன். வேலை வாங்கித் தந்தவருக்கு நன்றிக்கடன் உண்டு, மறுக்கவில்லை. அதைத் தீபாவளிக்கு அவர் வீட்டுக்குப் பழத்தட்டோடு போய்த் தீர்த்துக்கொள்ளுங்கள். இன்னொரு வீட்டுப் பிள்ளையின் விரலால் தீர்க்கக் கூடாது. கூட்டத்துக்கு முந்தின நாளே பக்கத்தை அவரிடம் காட்டுங்கள். தம்பி அண்ணனுக்குச் செய்ய வேண்டிய மரியாதை அது. அவர் தகவல் பிழையைச் சுட்டினால் திருத்துங்கள். டேப் பற்றிய வரியை எடுக்கச் சொன்னால் எடுக்காதீர்கள்.

ஒன்று கேட்க மறந்தேன். சுற்று மாறும் வரை அந்த பிரஸ் பூட்டிக் கிடக்கிறதா, இல்லை இன்றைக்கும் ஓடுகிறதா? கடிதத்தில் நீங்கள் சொல்லவில்லை.