தமிழ்நாட்டு வங்கிப் பரீட்சையும் தருமபுரத்துப் பட்டதாரியும்

அன்புள்ள அக்கா, நான் வவுனியாப் பல்கலைக்கழகத்தில் வியாபாரக் கற்கைகள் படித்துப் பட்டம் பெற்றவள். 1997 செப்டெம்பர் 10 நான் பிறந்த நாள். தமிழ்நாட்டு ஆசிரியர்கள் நடத்தும் வங்கிப் பரீட்சை வகுப்புகளைக் காணொளியில் பார்த்து ஒவ்வொரு நாளும் பயிற்சி செய்கிறேன். எங்கள் குடும்பம் 1977இல் மலையகத்திலிருந்து வந்தது. பூட்டன் திருச்சிப் பக்கத்தவர். இந்திய அறிவித்தலில் ‘இலங்கை’ என்ற பெயரும் இருப்பதால் நானும் விண்ணப்பிக்கலாம் என்று மாமா சொல்கிறார். கிளார்க், பி.ஓ. என்ற அதிகாரிப் பதவி இரண்டில் எதற்குப் போடுவது?
— வாசகி, தருமபுரம், கிளிநொச்சி

தங்கச்சி, மாமா சொல்லும் பெயர் அந்த அறிவித்தலில் உண்மையாகவே இருக்கிறது. ஆனால் அது உங்களுக்காக எழுதப்பட்டதல்ல. இந்திய அரச வங்கிகளுக்கு ஆட்சேர்ப்புப் பரீட்சை நடத்தும் ஐ.பி.பி.எஸ். நிறுவனம் வெளியிடும் ஒவ்வோர் அறிவித்தலிலும் குடியுரிமை பற்றிய பகுதியில் ஐந்து வகையினரைச் சொல்லியிருப்பார்கள். முதல் வகை இந்தியக் குடிமக்கள். அடுத்து நேபாளத்தவர், பூட்டானியர், 1962 ஜனவரி 1க்கு முன் வந்த திபெத்திய அகதிகள். ஐந்தாவது வகையில்தான் பாகிஸ்தான், பர்மா, கென்யா முதலிய நாடுகளோடு இலங்கையும் வருகிறது. அந்த வரியை முடிவுவரை படியுங்கள். இந்திய வம்சாவளியைச் சேர்ந்தவராக இருப்பது மட்டும் போதாது; இந்தியாவில் நிரந்தரமாகக் குடியேறும் எண்ணத்தோடு அங்கே புலம்பெயர்ந்து வந்தவராகவும் இருக்க வேண்டும். அதற்கும் மேல், இந்திய அரசு வழங்கிய தகுதிச் சான்றிதழ் கையில் இருக்க வேண்டும்.

நீங்கள் தருமபுரத்தில் இருக்கிறீர்கள், இலங்கைக் கடவுச்சீட்டு வைத்திருக்கிறீர்கள். பூட்டன் திருச்சியிலிருந்து வந்தவர் என்பது வம்சாவளிக்குச் சான்று, குடியேற்றத்துக்குச் சான்றல்ல. சிறிமா–சாஸ்திரி உடன்படிக்கையின்படி இந்தியக் குடியுரிமை பெற்றுப் போனவர்களின் பிள்ளைகள் முதல் வகையிலேயே விண்ணப்பிக்கிறார்கள். இங்கே தங்கிவிட்ட குடும்பங்களுக்கு அந்தக் கதவு இல்லை. வெளிநாட்டில் வாழும் இந்திய வம்சாவளியினருக்கு இந்தியா வழங்கும் ஓ.சி.ஐ. அட்டை எடுத்தால் சரியாகிவிடும் என்றும் யாராவது சொல்லக்கூடும். அந்த அட்டை குடியுரிமை ஆகாது, அந்த ஐந்து வகைக்குள்ளும் அது வராது. ஆகவே பணம் கட்டி விண்ணப்பிக்க வேண்டாம். இணையப் படிவம் உங்களை ஏற்றுக்கொண்டாலும், ஆவணம் சரிபார்க்கும் கட்டத்தில் எல்லாம் முடிந்துவிடும்.

கிளார்க்கா, பி.ஓ.வா என்ற உங்கள் கேள்விக்கு இங்கேயும் பொருள் இருப்பதால் அதைச் சற்று விரிவாகச் சொல்கிறேன். அங்கே இரண்டுக்குமே பட்டம்தான் தகுதி. முதற்கட்டப் பரீட்சையும் ஏறக்குறைய ஒன்றுதான்: ஆங்கிலம், கணிதம், தர்க்கம் மூன்றிலும் சேர்த்து 100 கேள்விகள், ஒரு மணித்தியாலம், பிழையான விடைக்குக் கால் பங்கு கழிவு. வேறுபாடு அதற்குப் பிறகுதான் தொடங்குகிறது. கிளார்க் பதவிக்கு நேர்முகப் பரீட்சை கிடையாது. ஒரே ஒரு மாநிலத்துக்குத்தான் விண்ணப்பிக்கலாம், அந்த மாநிலத்தின் மொழி தெரிந்திருக்க வேண்டும், வேலையும் பெரும்பாலும் அங்கேயே. பி.ஓ.வுக்கு நேர்முகப் பரீட்சை உண்டு; நாட்டின் எந்த மூலைக்கும் இடமாற்றம் வரும்; கடன் கோரிக்கையை ஆராய்ந்து கையெழுத்திடும் பொறுப்பும் விரைவில் வந்துசேரும். கிளார்க்காகச் சேர்ந்தவர் உள்ளகப் பரீட்சை எழுதி அதிகாரியாகலாம், ஆனால் அதற்கு ஆண்டுகள் பிடிக்கும்.

நம் நாட்டு அரச வங்கிகளில் இந்தப் பிரிவு வேறு இடத்தில் விழுகிறது. கீழ்ப்படிக்கு இங்கே பட்டம் கேட்பதில்லை. க.பொ.த. உயர்தரம் சித்தியடைந்த இளையவர்களைப் பயிலுநர்களாக எடுத்து, வங்கிக்குள்ளேயே வளர்க்கிறார்கள். அவர்கள் இலங்கை வங்கியாளர் நிறுவகத்தின் பரீட்சைகளைத் தேறித் தேறி மேலே போகிறார்கள். பட்டதாரிகளுக்கென்று இருப்பது முகாமைத்துவப் பயிலுநர் பதவி. அதுதான் நம்மூர் பி.ஓ. ‘முதலில் சின்ன வேலையில் ஏறிக்கொள்வோம், பிறகு பார்ப்போம்’ என்று பட்டதாரிகள் நினைப்பதுண்டு. அந்த வழியை அடைப்பது வயது. உயர்தரத்தோடு எடுக்கும் பதவிக்கு வயது உச்சம் பட்டதாரிகளுக்கானதைவிடக் குறைவு. உங்கள் வயதில் அந்தக் கதவு மூடியிருக்கும். நீங்கள் குறிவைக்க வேண்டியது முகாமைத்துவப் பயிலுநர் பதவியைத்தான், அதற்கும் காலம் அதிகமில்லை.

வயதை எந்தத் திகதிக்குக் கணிக்கிறார்கள் என்று முதலில் பாருங்கள். 2025ஆம் ஆண்டின் ஐ.பி.பி.எஸ். கிளார்க் அறிவித்தல், 01.08.2025 அன்று 20 முதல் 28 வரை என்றது. கூடவே 02.08.1997க்கு முன் பிறந்திருக்கக் கூடாது என்று பிறந்த திகதியையும் அச்சிட்டிருந்தது. வயதை மட்டும் பார்த்தால் நீங்கள் ஒரு மாதமும் சில நாட்களும் பிந்திப் பிறந்ததால் அந்த எல்லைக்குள் வருகிறீர்கள். அதே விதி மறு ஆண்டு வந்தால் வெளியே. இங்கே வரும் விளம்பரங்களில் அப்படித் திகதி போட்டுத் தரமாட்டார்கள். ‘விண்ணப்ப முடிவுத் திகதியன்று இத்தனை வயதுக்கு மேற்படாதவர்’ என்று மட்டும் இருக்கும். முடிவுத் திகதியிலிருந்து அந்த ஆண்டுகளைக் கழித்து, வரும் நாளோடு உங்கள் செப்டெம்பர் 10ஐ ஒப்பிடுங்கள். ஒரு நாள் தவறினாலும் விண்ணப்பம் குப்பைக்குத்தான்.

அடுத்து உங்கள் பட்டச் சான்றிதழை எடுத்து, பட்டம் வலுவுக்கு வந்த திகதி எது என்று பாருங்கள். பட்டமளிப்பு விழா நடந்த நாளும் அதுவும் வெவ்வேறு. கணக்கில் வருவது வலுவுக்கு வந்த திகதிதான். பிறகு சாதாரண தரப் பெறுபேற்றைப் பாருங்கள். கணிதத்திலும் ஆங்கிலத்திலும் திறமைச் சித்தி கேட்பது வழக்கம். பட்டம் இருந்தும் ஆங்கிலத்தில் சாதாரண சித்தியோடு நின்றதால் விழுந்துபோன விண்ணப்பங்கள் வன்னியில் ஏராளம். சில விளம்பரங்கள் பட்டத்தின் வகுப்பையும் நிர்ணயிக்கும்.

விளம்பரங்களை வெள்ளிக்கிழமை வர்த்தமானியில் மட்டும் தேடிக்கொண்டிருக்காதீர்கள். வங்கிகள் பெரும்பாலும் தங்கள் இணையத்தளத்திலும் ஞாயிறு பத்திரிகைகளிலும்தான் வெளியிடுகின்றன. boc.lk, peoplesbank.lk, nsb.lk மூன்றையும் வாரம் ஒருமுறை திறந்து வேலைவாய்ப்புப் பகுதியைப் பாருங்கள். வட்சப்பில் வரும் படத்தில் முடிவுத் திகதி இருக்கும், வயது பற்றிய வரி வெட்டப்பட்டிருக்கும். அதை நம்பி விண்ணப்பிக்காமல் மூல விளம்பரத்தைத் தேடி எடுத்துப் படியுங்கள்.

காணொளி வகுப்புகளை விட வேண்டியதில்லை. கணிதமும் தர்க்கமும் எந்த நாட்டுப் பரீட்சைக்கும் உதவும். வங்கி அறிவுப் பகுதியை மட்டும் அங்கிருந்து எடுக்காதீர்கள். வைப்புக் காப்புறுதி எல்லை எவ்வளவு என்று கேட்டால், அந்த வகுப்பில் படித்த ஐந்து இலட்சம் இந்தியாவுக்குச் சரி. இலங்கையில் அது 11 இலட்சம் ரூபாய். அதேபோல் ரிசர்வ் வங்கியின் விதிகளை மனப்பாடம் செய்யும் நேரத்தில் 2023ஆம் ஆண்டின் 16ஆம் இலக்க இலங்கை மத்திய வங்கிச் சட்டத்தையும், 1988ஆம் ஆண்டின் 30ஆம் இலக்க வங்கித்தொழில் சட்டத்தையும் படியுங்கள். இரண்டுக்கும் தமிழ் வடிவம் உண்டு.