இண்டக்‌ஷன் அடுப்பு பாதியில் நிற்பது ஏன்?

"வைத்த பத்து நிமிஷத்தில் E என்று ஏதோ காட்டி அணைந்துவிடுகிறது. பாத்திரம் சரியில்லையா, அடுப்பே போச்சா?"

எப்போது நிற்கிறது என்பதில்தான் விடை இருக்கிறது. இந்த அடுப்பு காந்தப்புலத்தால் பாத்திரத்தின் அடியைச் சூடாக்குகிறது. அடியில் காந்தம் ஒட்டாத பாத்திரம் என்றால், வைத்ததுமே பீப் அடிக்கும், சூடே ஏறாது. கொஞ்ச நேரம் நன்றாக வேலை செய்துவிட்டு நின்றால், பெரும்பாலும் உள்ளே சூடு தேங்கியிருக்கிறது. உள்ளிருக்கும் கம்பிச்சுருளும் சர்க்யூட்டும் சூடாகும். அதை ஆற்றும் ஃபேன், அடியிலுள்ள துளைகள் வழியாகத்தான் காற்றை இழுக்கிறது. மூக்கடைத்தவனை ஓடச் சொன்னால் எப்படி?

தர்மபுரியில் எங்கள் வீட்டு அடுப்பு, களி கிண்டும்போது மட்டும் நின்றது. கவிழ்த்துப் பார்த்தால் துளை முழுக்க ராகி மாவும் தூசியும் எண்ணெய்ப் பிசுக்கோடு அப்பியிருந்தன. ஆறவிட்டு, பிளக்கைப் பிடுங்கி, காய்ந்த பெயிண்ட் பிரஷால் தட்டி எடுத்தேன். அடியில் விரித்திருந்த துணியையும் எடுத்தேன், அதுவும் காற்றை அடைக்கும். சரியாகிவிட்டது. ஃபேனே சுற்றாவிட்டால் மெக்கானிக்கிடம்தான் போக வேண்டும். குறி எண்களின் அர்த்தம் கம்பெனிக்குக் கம்பெனி மாறும், கையேட்டைப் பாருங்கள்.

அப்புறம், அணைத்த பிறகும் ஃபேன் சுற்றுவதைப் பழுது என்று நினைத்துப் பலர் உடனே பிளக்கைப் பிடுங்குகிறார்கள். அது உள்சூட்டை வெளியேற்றிக்கொண்டிருக்கிறது, தானாக நிற்கும்வரை விடுங்கள்.