தலைகீழ் படியெடுத்தல் எந்த விதிக்கு விதிவிலக்கு? ஒரு பக்கத் திருப்புதல் தாள்

கேள்வி: ஐயா, நான் பிளஸ் டூ உயிரியல் படிக்கிறேன். என்னிடம் உள்ள ஒரு நோட்ஸில் "தலைகீழ் படியெடுத்தல் மையக் கோட்பாட்டைப் பொய்யாக்கிவிட்டது" என்று இருக்கிறது. இன்னொன்றில் அது விதிவிலக்கு என்று மட்டும் இருக்கிறது. மூன்றாவது ஒன்று கொரோனாவையும் ரெட்ரோவைரஸ் பட்டியலில் சேர்த்திருக்கிறது. ஒரே பக்கத்தில் திருப்புதல் தாள் எழுத வேண்டும். எதை எழுதுவது?

பதில்: அந்த மூன்றாவது நோட்ஸை முதலில் ஓரமாக எடுத்து வையுங்கள். தன் ஆர்என்ஏவை டிஎன்ஏவாக மாற்றிப் பெருகும் வைரஸ்தான் ரெட்ரோவைரஸ், கொரோனா அந்த வகை கிடையாது. காரணத்தைக் கீழே சொல்கிறேன். மற்ற இரண்டில் "விதிவிலக்கு" என்பதுதான் சரிக்குப் பக்கத்தில் இருக்கிறது. ஆனால் எந்த விதிக்கு விதிவிலக்கு என்று அதிலும் சொல்லவில்லை. உங்கள் குழப்பமெல்லாம் அங்கேதான் தொடங்குகிறது.

தாளின் உச்சியில் இதை எழுதுங்கள்.

```
டிஎன்ஏ → டிஎன்ஏ       இரட்டிப்பாதல்
டிஎன்ஏ → ஆர்என்ஏ      படியெடுத்தல்
ஆர்என்ஏ → புரதம்       மொழிபெயர்த்தல்
-------------------------------------
ஆர்என்ஏ → டிஎன்ஏ      தலைகீழ் படியெடுத்தல்
ஆர்என்ஏ → ஆர்என்ஏ     ஆர்என்ஏ இரட்டிப்பாதல்
```

கோட்டுக்கு மேலே இருப்பவை எல்லாச் செல்களிலும் அன்றாடம் நடப்பவை. கீழே இருப்பவை முக்கியமாக வைரஸ்களிடம் பார்ப்பவை. இப்போது கோட்டுக்கு அடியில் ஒரே ஒரு வாக்கியம் சேருங்கள்: "புரதத்திலிருந்து திரும்பி வரும் அம்புக்குறி எதுவும் இல்லை." இந்த வாக்கியம்தான் மையக் கோட்பாடு.

பிரான்சிஸ் கிரிக் 1957-இல் ஓர் உரையில் இதைச் சொன்னார். 1958-இல் அது கட்டுரையாக அச்சானது. மரபுச் செய்தி ஒருமுறை புரதத்துக்குள் போய்விட்டால் மறுபடி வெளியே வராது என்பதுதான் அவர் சொன்னதன் சாரம். செய்தி என்று அவர் குறிப்பிட்டது வரிசையை, அதாவது எந்த எழுத்துக்குப் பின் எந்த எழுத்து என்பதை. ஆர்என்ஏவிலிருந்து டிஎன்ஏ வரவே வராது என்று அவர் சொல்லவில்லை. நாம் படிக்கும் "டிஎன்ஏவிலிருந்து ஆர்என்ஏ, ஆர்என்ஏவிலிருந்து புரதம்" என்ற நேர்கோடு பின்னால் பாடநூல்கள் வழியாகப் பரவிய சுருக்கம். தலைகீழ் படியெடுத்தல் அந்தச் சுருக்கத்துக்குத்தான் விதிவிலக்கு. கிரிக்கின் விதி அப்படியே நிற்கிறது.

தேர்வில் என்ன செய்வது? ஒரு மதிப்பெண் கேள்வியில் "மையக் கோட்பாட்டுக்கு விதிவிலக்கு எது" என்று கேட்டு, தலைகீழ் படியெடுத்தல் ஒரு விடையாக இருந்தால் யோசிக்காமல் அதைக் குறியுங்கள். கேள்வித்தாள் தயாரிப்பவர்கள் அந்தச் சுருக்கத்தை மனதில் வைத்துத்தான் கேட்கிறார்கள். விரிவான விடையில் மட்டும் இரண்டையும் பிரித்து எழுதுங்கள். முப்பது வருடம் இந்தப் பாடத்தை நடத்தியவன் என்ற முறையில் சொல்கிறேன், அறுபது வருடத்துக்கு மேல் ஆகியும் கிரிக் உண்மையில் என்ன சொன்னார் என்று ஒரு வரி சேர்க்க நம் விடைக்குறிப்புகளுக்கு மனம் வரவில்லை. சரியாக எழுதிய பிள்ளை பயந்துபோய் அடித்துவிட்டுச் சுருக்கத்தை எழுதுவதை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன்.

அடுத்தது, தலைகீழ் படியெடுத்தல் நடக்கிறது என்று எப்படித் தெரிந்தது? கோழிக்குப் புற்றுநோய் தரும் ரவுஸ் சார்கோமா வைரஸை ஹோவர்ட் டெமின் ஆராய்ந்துகொண்டிருந்தார். அதன் மரபுப்பொருள் ஆர்என்ஏ. டிஎன்ஏவிலிருந்து ஆர்என்ஏ உருவாவதைத் தடுக்கும் ஆக்டினோமைசின் டி என்ற மருந்தைக் கொடுத்தபோது இந்த வைரஸ் பெருகுவது நின்றுவிட்டது. ஆர்என்ஏ வைரஸுக்கு இந்த மருந்தால் என்ன நஷ்டம்? அப்படியானால் அதன் பாதையில் எங்கோ ஒரு டிஎன்ஏ கட்டம் இருந்தாக வேண்டும். 1960-களிலேயே டெமின் இதைச் சொன்னார், பெரும்பாலோர் ஏற்கவில்லை.

1970 ஜூனில் டெமினும் சதோஷி மிசுதானியும் ஒரு பக்கம், டேவிட் பால்டிமோர் இன்னொரு பக்கம், தனித்தனியாக அந்த நொதியைக் காட்டினார்கள். சோதனை எளிமையானது. வைரஸ் துகளின் உறையைத் திறந்து, டிஎன்ஏ செய்யத் தேவையான நான்கு நியூக்ளியோடைடுகளைக் கொடுத்தார்கள். அவற்றில் ஒன்று கதிரியக்க அடையாளம் இட்டது. அடையாளம் நீண்ட சங்கிலிக்குள் போய்ச் சேர்ந்தது, அதாவது டிஎன்ஏ உருவானது. ஆர்என்ஏவை அழிக்கும் நொதியை முன்கூட்டியே சேர்த்தால் அந்த வேலை பெரிதும் குறைந்துபோனது. ஆகவே வார்ப்பாக இருந்தது ஆர்என்ஏதான். அந்த நொதியின் பெயர் ரிவர்ஸ் டிரான்ஸ்கிரிப்டேஸ். 1975-இல் டெமினுக்கும் பால்டிமோருக்கும், ரெனாட்டோ டல்பெக்கோவுக்கும் நோபல் பரிசு கிடைத்தது. 1970 ஆகஸ்டில் கிரிக்கே ஒரு கட்டுரை எழுதித் தன் விதியில் இதற்கு இடம் உண்டு என்று விளக்கினார். "பொய்யாக்கிவிட்டது" என்று எழுதும் நோட்ஸ்காரர்களுக்கு இந்த ஒரு கட்டுரையே பதில்.

இனி தாளின் நடுப்பகுதிக்கு வருவோம். இங்கேதான் மதிப்பெண் போகிறது, அதனால் கையால் போட்டுப் பாருங்கள். வைரஸின் ஆர்என்ஏவில் ஒன்பது எழுத்து மட்டும் எடுத்துக்கொள்வோம்.

```
வைரஸ் ஆர்என்ஏ     5'-AUGGCCUUA-3'
முதல் டிஎன்ஏ இழை   3'-TACCGGAAT-5'
இரண்டாம் இழை      5'-ATGGCCTTA-3'
```

முதல் இழை ஆர்என்ஏவுக்கு எதிர்த்திசையில் ஓடுகிறது, முனைகளைப் பாருங்கள். யுராசில் இருந்த இடத்துக்கு எதிரே அடினைன் வந்திருக்கிறது. அடினைனுக்கு எதிரே தைமின். டிஎன்ஏ இழையில் எங்காவது யுராசில் எழுதியிருந்தால் அங்கேயே தவறு. அதைவிட அதிகம் பேர் செய்யும் தவறு, முதல் இழையின் இடது ஓரத்தில் பழக்கதோஷத்தில் 5' என்று போட்டுவிடுவது. இடது பக்கம் 5' வரும்படி அந்த இழையை எழுதச் சொன்னால் எழுத்துகளையும் திருப்பி எழுத வேண்டும்: `5'-TAAGGCCAT-3'`. வெறும் எண்ணை மட்டும் மாற்றினால் அது வேறொரு வரிசையாகிவிடும்.

இரண்டாம் இழையையும் ஆர்என்ஏவையும் ஒப்பிடுங்கள். யுராசிலுக்குப் பதில் தைமின் என்பதைத் தவிர இரண்டும் ஒன்றே. செய்தி முழுதாக டிஎன்ஏவுக்கு மாறிவிட்டது, எதுவும் தொலையவில்லை.

இதே ஒன்பது எழுத்தைப் புரதமாக்கினால் மெத்தியோனின், அலனின், லியூசின் என்று மூன்று அமினோ அமிலம் வரும். இப்போது அந்த மூன்றை மட்டும் கையில் கொடுத்து மூல ஆர்என்ஏவைக் கேட்டால்? ஓர் அமினோ அமிலத்தைக் குறிக்கும் மூன்றெழுத்துத் தொகுதிதான் கோடான். மெத்தியோனினுக்கு ஒரு கோடான், அலனினுக்கு 4, லியூசினுக்கு 6. பெருக்கினால் 24 வரிசைகள் சாத்தியம். எது அசல் என்று சொல்ல வழியில்லை. இதைவிடப் பெரிய காரணம், புரதத்தை வாசித்து ஆர்என்ஏ செய்யும் நொதியோ ரைபோசோம் போன்ற அமைப்போ எந்த உயிரிலும் இதுவரை கண்டுபிடிக்கப்படவில்லை. கிரிக்கின் விதியை விளக்க இதைவிட நல்ல உதாரணம் வேண்டாம்.

எச்ஐவியை இதே படத்தில் பொருத்திவிடலாம். அதன் ஒவ்வொரு துகளிலும் இரண்டு ஆர்என்ஏ பிரதிகள் இருக்கும். ரிவர்ஸ் டிரான்ஸ்கிரிப்டேஸ் முதல் டிஎன்ஏ இழையைச் செய்கிறது. வார்ப்பாக இருந்த ஆர்என்ஏவை அதே நொதியின் இன்னொரு பகுதி வெட்டி அகற்றுகிறது. பிறகு இரண்டாம் இழை. இன்டக்ரேஸ் என்ற நொதி இந்த இரட்டை இழையை நம் குரோமோசோமில் கோத்துவிடுகிறது. அப்புறம் எல்லாம் வழக்கமான பாதைதான்: நம் செல்லே அதைப் படியெடுக்கிறது, நம் ரைபோசோம்களே மொழிபெயர்க்கின்றன. "எச்ஐவியில் மையக் கோட்பாடு பின்னோக்கி ஓடுகிறது" என்று எழுதாதீர்கள். ஒரே ஒரு அடி பின்னால் வைத்து, மீண்டும் முன்னோக்கித்தான் போகிறது. இந்த நொதிக்குப் பிழை பார்த்துத் திருத்தும் வசதி இல்லாததால்தான் எச்ஐவி வேகமாக மாறுகிறது. மருந்துக்கு அது பழகிவிடுவதற்கு இது ஒரு முக்கியக் காரணம்.

இப்போது கொரோனா. அந்தத் தவறு எங்கிருந்து வந்தது என்று எனக்குத் தெரியும். சோதனையின் பெயர் ஆர்டி-பிசிஆர். ஆர்டி என்றால் ரிவர்ஸ் டிரான்ஸ்கிரிப்ஷன், ஆகவே கொரோனாவில் அது நடக்கிறது என்று யாரோ முடிவுகட்டி அச்சடித்துவிட்டார். அந்த நொதியைச் சேர்ப்பது சோதனைச்சாலை. பிசிஆர் முறையால் டிஎன்ஏவை மட்டுமே பெருக்க முடியும் என்பதால், மூக்கிலிருந்து எடுத்த மாதிரியில் உள்ள ஆர்என்ஏவை முதலில் டிஎன்ஏவாக மாற்றுகிறார்கள். கொரோனா தன் ஆர்என்ஏவை நேரடியாக ஆர்என்ஏவாகவே பிரதி எடுக்கும். நம் படத்தில் அது கடைசி வரி.

பிரியானை விதிவிலக்குப் பட்டியலில் போட்டிருந்தால் அடித்துவிடுங்கள். கெட்ட வடிவில் மடிந்த ஒரு புரதம், அதே புரதத்தின் நல்ல பிரதியையும் தன்னைப்போல மடிய வைக்கிறது. மாறுவது வடிவம். அமினோ அமில வரிசை ஒரு எழுத்துகூட மாறவில்லை. அந்த வரிசை எப்போதும்போல மரபணுவிலிருந்துதான் வந்தது.

நோட்ஸ் விற்பவர்களைப் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. தேர்வு நெருங்கும்போது "உறுதியாக வரும் 50 கேள்விகள்" என்று கைபேசிக்கு வரும் கோப்புகளும், ஜெராக்ஸ் கடையில் தொங்கும் கட்டுகளும் ஒன்றைப் பார்த்து ஒன்று எழுதியவை. ஒன்றில் உள்ள தவறு பத்திலும் இருக்கும். என்னிடம் படித்த ஒரு பெண் அப்படிக் காசு கொடுத்து வாங்கி வந்த தாளில் முதல் டிஎன்ஏ இழை முழுக்க யுராசிலோடு அச்சாகியிருந்தது. அவள் அதை இரண்டு மாதம் மனப்பாடம் செய்திருந்தாள். எதையும் வாங்குவதற்கு முன் இரண்டு இடம் பாருங்கள்: டிஎன்ஏ இழையில் யுராசில் இருக்கிறதா, கொரோனாவை எங்கே வைத்திருக்கிறார்கள். இரண்டில் ஒன்று தப்பாக இருந்தாலும் காசு கொடுக்காதீர்கள்.

தாளின் கடைசியில் இந்த ஒரு பயிற்சிக்கு இடம் விடுங்கள். பார்க்காமல் செய்ய வேண்டும்.

```
வைரஸ் ஆர்என்ஏ     5'-AUGCCAUAA-3'
முதல் டிஎன்ஏ இழை   ?
```

5' முனையிலிருந்து தொடங்கி எழுதினால் `TTATGGCAT` என்று வர வேண்டும். `TACGGTATT` என்று எழுதி இடது பக்கம் 3' போட்டிருந்தாலும் சரிதான். அதே எழுத்துகளை எழுதி 5' போட்டிருந்தால், மேலே உள்ள ஒன்பது எழுத்து உதாரணத்தை முனைகளோடு சேர்த்து இன்னொரு முறை போட்டுப் பாருங்கள்.