"என்னைத் தெரிகிறதா?" என்று கேட்காதீர்கள்

கேள்வி: என் மேலாளரின் மகனுக்குத் திருமணம். அலுவலகத்தில் எல்லோரையும் அழைத்திருக்கிறார். மணமகனை நான் பார்த்ததே இல்லை. மணமகள் வீட்டாரில் ஒருவரையும் தெரியாது. வரிசையில் நின்று மணமக்கள் முன்னால் போனதும் என்ன பேசுவது? சென்ற முறை இப்படி ஒரு திருமணத்தில் வரிசையைப் பார்த்ததுமே நழுவி வந்துவிட்டேன். இந்த முறையும் அப்படிச் செய்தால் தவறா?
– ஒரு வாசகர்

பதில்: தவறுதான். சாப்பிட்டுவிட்டு மணமக்களைப் பார்க்காமலே திரும்புவதற்கு, போகாமலே இருந்திருக்கலாம். வர இயலவில்லை என்று முன்கூட்டியே சொல்லியிருந்தால் யாரும் வருந்தியிருக்க மாட்டார்கள்.

அங்கே போய் உரையாட வேண்டும் என்று நினைக்கிறீர்கள். அதனால்தான் பயம் வருகிறது. அந்த இருவரும் நிற்கும் இடத்திலிருந்து இதைப் பாருங்கள். முந்நூறு பேர் வந்திருக்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். ஒவ்வொருவரும் 20 விநாடி எடுத்துக்கொண்டாலே 100 நிமிடம் ஆகிவிடும். ஆளுக்கு ஒரு நிமிடம் என்றால் ஐந்து மணி நேரம். அத்தனை நேரமும் அவர்கள் நின்றுகொண்டே சிரிக்க வேண்டும். அவர்கள் உங்களிடம் பேச்சை எதிர்பார்க்கவில்லை. எதிரே வந்து நிற்பவர் யார் என்று தெரிந்தால் போதும் என்றுதான் நினைக்கிறார்கள்.

என் மகளின் திருமணத்தில் அவள் பக்கத்திலேயே நின்றிருந்தேன். ஒருவர் வந்தார். அவள் கையைப் பிடித்துக்கொண்டு, "என்னைத் தெரிகிறதா, சொல்லு பார்க்கலாம்" என்றார். அவளுக்குத் தெரியவில்லை. என்னைத் திரும்பிப் பார்த்தாள். எனக்கும் அந்த நேரத்தில் பெயர் நினைவுக்கு வரவில்லை. பின்னால் நாற்பது பேர் காத்திருக்க, அவர் கையை விடாமல் குறிப்பு மேல் குறிப்பாகக் கொடுத்துக்கொண்டிருந்தார். அவள் முகம் சிவந்துபோனது இன்றும் என் கண்ணில் நிற்கிறது. அன்பாகச் செய்வதாக நினைத்துத்தான் அவர் செய்தார். ஆனாலும் அது கொடுமை.

அதே வரிசையில் சிறிது நேரம் கழித்து ஓர் அம்மாள் வந்தார். "நான் உன் அப்பாவோடு பல வருடம் ஒரே பஸ்ஸில் வேலைக்குப் போனவள். உன்னைப் பற்றி அவர் பேசாத நாளில்லை. நேரில் பார்க்கத்தான் வந்தேன். இருவரும் நன்றாக இருங்கள்" என்று சொல்லிவிட்டு, பதிலுக்குக்கூடக் காத்திராமல் நகர்ந்தார். பத்து விநாடிக்கு மேல் ஆகியிருக்காது. அந்த அம்மாளை என் மகள் அதற்கு முன் பார்த்ததில்லை. அன்றிரவு அவள் கேட்டது அவரைப் பற்றித்தான்.

அந்த அம்மாள் சொன்னதில் நீங்கள் சொல்ல வேண்டியது எல்லாம் இருக்கிறது. தான் யார், எந்த வழியில் உறவு, அதன் பிறகு வாழ்த்து. உங்களுக்கு இது இன்னும் எளிது. "நான் இன்னார். உங்கள் அப்பாவின் அலுவலகத்தில் கணக்குப் பிரிவில் இருக்கிறேன். இருவருக்கும் என் வாழ்த்துகள்." பெயரை முதலில் சொல்லுங்கள், கடைசியில் அல்ல. வாழ்த்தை முதலில் சொன்னால், அது காதில் விழும்போதே மணமகன் 'இவர் யார்' என்று யோசித்துக்கொண்டிருப்பான். பெயரும் தொடர்பும் தெரிந்துவிட்டால் அவன் முகத்தில் ஒரு தெளிவு வரும். அதை நீங்களே பார்ப்பீர்கள். அதன் பிறகு சொல்லும் வாழ்த்துதான் அவனைப் போய்ச் சேரும்.

நீங்கள் போகும்போது மேலாளரும் அங்கே நின்றால் அவரே அறிமுகம் செய்துவைப்பார் என்று சும்மா இருந்துவிடாதீர்கள். மணிக்கணக்காக நின்ற களைப்பில் பத்து வருடம் உடன் வேலை பார்ப்பவரின் பெயரே மறந்துபோகும். அவர் வாயெடுக்கத் தயங்கினால் நீங்களே சொல்லிவிடுங்கள். அதுவும் அவருக்குச் செய்யும் உதவிதான். அலுவலக விஷயம் எதையும் அங்கே எடுக்காதீர்கள்.

அடுத்ததாக ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். இப்படிப் போகிறவர்களில் பலர், தொடர்புள்ள பக்கத்தை மட்டும் பார்த்துப் பேசிவிட்டு இறங்கிவிடுகிறார்கள். மணமகனிடம் இரண்டு வாக்கியம், மணமகளுக்கு ஒரு தலையசைப்பு. அந்தப் பெண்ணும் அதே நேரம்தான் அங்கே நிற்கிறாள், அவளுக்கும் அங்கே வருகிறவர்களில் பாதிப் பேரைத் தெரியாது. நீங்கள் சொல்லும் மூன்று வாக்கியங்களில் கடைசி வாக்கியத்தையாவது அவள் முகத்தைப் பார்த்துச் சொல்லுங்கள். பெயர் சொல்லி வாழ்த்தினால் இன்னும் நல்லது. ஆனால் பெயரில் சிறிது ஐயம் இருந்தாலும் சொல்லாதீர்கள். மணமேடையில் வேறு பெயரால் அழைக்கப்படுவதைப் போல மனத்தைச் சுருக்கும் விஷயம் வேறில்லை. வாய் தவறிச் சொல்லிவிட்டால், "மன்னியுங்கள்" என்று ஒரே சொல்லில் திருத்திக்கொண்டு நகருங்கள். விளக்கம் சொல்ல ஆரம்பித்தால் தவறு பெரிதாகும்.

பதில் தேவைப்படும் கேள்வி எதையும் கேட்காதீர்கள். எங்கே குடியிருக்கப் போகிறீர்கள், எப்படிச் சந்தித்தீர்கள் என்பதெல்லாம் நல்ல கேள்விகள்தான், ஆனால் வேறொரு நாளைக்கு உரியவை. களைத்துப்போய்த் தெரிகிறீர்கள் என்று இரக்கப்பட்டும் சொல்ல வேண்டாம். கை குலுக்குவதா, கை கூப்புவதா என்று குழம்பவும் வேண்டாம். அவர்கள் கை எப்படி வருகிறது என்று பார்த்து அப்படியே செய்யுங்கள்.

பரிசை மணமக்கள் கையில் திணிக்காதீர்கள். அதை வைக்க அவர்களுக்கு இடமில்லை. வாங்கி வைப்பதற்கென்று ஒருவர் அருகில் நின்றால் அவரிடம் கொடுங்கள், மேசை இருந்தால் அதில் வையுங்கள். உள்ளே ஒரு சீட்டில் உங்கள் பெயரையும், அப்பாவின் அலுவலகம் என்பதையும் எழுதிவையுங்கள். வெறும் பெயரை மட்டும் எழுதினால், பிரித்துப் பார்க்கும் நாளில் அது யார் என்று அவர்களுக்குத் தெரியாது. நன்றி சொல்ல ஆள் தேடி அலைவார்கள்.

வரிசையில் நிற்கும்போது கைப்பேசியைப் பார்க்காமல் உங்களுக்கு முன்னால் போகிற மூன்று நான்கு பேரைக் கவனியுங்கள். புகைப்படத்துக்கு எங்கே நிற்க வைக்கிறார்கள், எந்தப் பக்கம் இறங்குகிறார்கள் என்பது புரிந்துவிடும். படம் எடுக்கச் சொன்னால், உங்களுக்குத் தொடர்புள்ள பக்கத்தின் ஓரத்தில் நில்லுங்கள். எடுத்து முடித்ததும் இறங்கிவிடுங்கள். வரிசை மிக நீளமாக இருந்தால் முதலில் சாப்பிட்டுவிட்டு, கூட்டம் குறைந்த பிறகு போங்கள். அதில் குற்றமில்லை.

வீட்டிலிருந்து கிளம்பும் முன் அழைப்பிதழை எடுத்து, இரண்டு பெயர்களையும் ஒருமுறை வாய்விட்டுப் படித்துவிடுங்கள்.