எஸ்எஸ்400 பெரிதா, எஸ்275 பெரிதா? மில் சர்ட் பற்றி பட்டறைக்காரர்களின் கேள்விகள்

பாடாங் செராயில் சின்னப் பட்டறை வைத்திருக்கிறேன். தோட்டத்தில் தண்ணீர்த் தொட்டிக்கு ஸ்டாண்டு கட்டும் வேலை வந்திருக்கிறது. டிராயிங்கில் இரும்பின் தரம் எஸ்275ஜேஆர் என்று போட்டிருக்கிறார்கள். புக்கிட் மெர்தாஜாம் கடையில் எஸ்எஸ்400தான் இருக்கிறதாம். "275-ஐ விட 400 பெரிசுதானே, தைரியமா எடுத்துட்டுப் போங்க" என்கிறார் கடைக்காரர். எடுக்கலாமா?

அந்த இரண்டு எண்ணையும் ஒப்பிடவே கூடாது. எஸ்275-இல் உள்ள 275 யீல்டு வலிமை. இரும்பை இழுத்துக்கொண்டே போனால் ஓர் இடம் வரை அது விட்டதும் பழையபடி சுருங்கிவிடும். அதைத் தாண்டினால் நீண்டது நீண்டதுதான். அந்த எல்லைதான் யீல்டு. எஸ்எஸ்400-இல் உள்ள 400 டென்சைல், அதாவது அறுவதற்கு முன் இரும்பு தாங்கும் உச்சம். ஐரோப்பியத் தரத்தின் பெயரில் யீல்டு இருக்கிறது, ஜப்பானியத் தரத்தின் பெயரில் டென்சைல் இருக்கிறது.

ஒரே அளவுகோலில் வைத்தால் கணக்கு தலைகீழாகும். 16 மில்லிமீட்டர் கனம் வரை எஸ்எஸ்400-க்குக் குறைந்தபட்ச யீல்டு 245 மெகாபாஸ்கல், எஸ்275-க்கு 275. டென்சைலில் பெரிய வித்தியாசம் இல்லை: எஸ்எஸ்400-க்கு 400 முதல் 510 வரை, எஸ்275-க்கு 410 முதல் 560 வரை. கனம் 16-ஐத் தாண்டி 40 வரை போனால் யீல்டு முறையே 235, 265 என்று இறங்கும்.

ஒரு மெகாபாஸ்கல் என்றால் ஒரு சதுர மில்லிமீட்டருக்கு ஒரு நியூட்டன். உங்கள் ஸ்டாண்டில் இழுவை வாங்கும் ஒரு பட்டையை எடுத்துக்கொள்ளுங்கள். 75 அகலம், 10 கனம், பரப்பு 750 சதுர மில்லிமீட்டர். எஸ்275 என்றால் 206 கிலோநியூட்டனில், சுமார் 21 டன்னில், யீல்டு ஆகும். எஸ்எஸ்400 என்றால் 184 கிலோநியூட்டன், 19 டன்னுக்குக் கொஞ்சம் கீழே. 11 விழுக்காடு குறைவு. டிராயிங் போட்ட இன்ஜினியர் எவ்வளவு இடைவெளி விட்டிருக்கிறார் என்பது அவருக்குத்தான் தெரியும். எனவே வாங்கும் முன் அவரிடம் சொல்லி, 245-ஐ வைத்துக் கணக்கைச் சரிபார்க்கச் சொல்லுங்கள். ஒப்புதலை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். வாட்ஸ்ஆப் செய்தியானாலும் போதும்.

ஆனால் கடைக்காரர் கொடுத்த மில் சர்ட்டில், அதாவது ஆலையின் சோதனைச் சான்றிதழில், யீல்டு 291, டென்சைல் 436, அறுமுன் நீளும் விழுக்காடான எலாங்கேஷன் 28 என்று இருக்கிறதே. 275-ஐத் தாண்டிவிட்டதால் இதையே எஸ்275 என்று எடுத்துக்கொள்ளக் கூடாதா?

இந்தக் கேள்வி அடிக்கடி வருகிறது, இதில்தான் பலரும் மாட்டுகிறார்கள். 291 என்பது அந்த உருக்கிலிருந்து வெட்டிய ஒரு சோதனைத் துண்டின் முடிவு. ஒவ்வொரு பிளேட்டும் 291 தாங்கும் என்று ஆலை சொல்லவில்லை. அது உறுதி கொடுப்பது 245-க்கு மட்டுமே. அதே உருக்கில் இன்னொரு பிளேட்டில் துண்டு எடுத்தால் 268 வரலாம். ஆலையைப் பொறுத்தவரை அதுவும் நல்ல சரக்குதான், யாரும் திருப்பி எடுக்க மாட்டார்கள். கட்டமைப்புக் கணக்குக்கு உறுதி அளிக்கப்பட்ட எண்ணைத்தான் எடுக்க வேண்டும்.

வலிமை தவிர வேறு வித்தியாசமும் உண்டு. எஸ்275ஜேஆர் மெல்லிய பிளேட்டில் கார்பன் 0.21 விழுக்காட்டுக்கு மேல் போகக் கூடாது. எஸ்எஸ்400-இல் பாஸ்பரஸுக்கும் கந்தகத்துக்கும்தான் வரம்பு, கார்பனுக்கு இல்லை. ஜேஆர் என்ற எழுத்துகள் 20 டிகிரியில் 27 ஜூல் அடியைத் தாங்கும் என்பதைக் குறிக்கும். எஸ்எஸ்400-இல் அந்தப் பேச்சே கிடையாது.

ஒரு விலக்கு உண்டு. சில ஆலைகள் ஒரே பிளேட்டை இரண்டு தரத்துக்கும் சேர்த்துச் சான்றளிக்கும். சர்ட்டில் தரம் எழுதும் கட்டத்தில் எஸ்எஸ்400, எஸ்275ஜேஆர் இரண்டும் அச்சாகி இருந்தால் தயங்காமல் வாங்கலாம். பேனாவால் யாரோ பக்கத்தில் எழுதியிருந்தால் அது செல்லாது.

சர்ட்டில் கார்பன் 16, மாங்கனீசு 72, பாஸ்பரஸ் 18 என்று இருக்கிறது. 16 விழுக்காடு கார்பனா? அப்புறம், இதை வெல்டு செய்தால் வெடிக்குமா?

தலைப்பு வரிக்குக் கீழே பொடி எழுத்தில் ×100, ×1000 என்று இருக்கும், பாருங்கள். புள்ளி போடும் இடத்தை மிச்சப்படுத்த ஆலைகள் இப்படி அச்சிடும். கார்பனும் மாங்கனீசும் ×100 கட்டத்தில் இருந்தால் 0.16, 0.72. பாஸ்பரஸ் ×1000 கட்டத்தில் இருந்தால் 0.018.

வெல்டிங்குக்குக் கார்பனை மட்டும் பார்க்காமல் கார்பன் சமமதிப்பைப் போட்டுப் பாருங்கள்:

```
CEV = C + Mn/6 + (Cr+Mo+V)/5 + (Ni+Cu)/15
```

உங்கள் எண்களில் 0.16 + 0.12 = 0.28. குரோமியம், செம்பு போன்றவை எச்சமாக மட்டும் இருந்தால் 0.29-க்குள் அடங்கிவிடும். 30 மில்லிமீட்டர் வரை எஸ்275ஜேஆருக்கு வரம்பே 0.40, ஆகவே இந்தப் பிளேட் தொந்தரவு தராது. வரம்பை ஒட்டி வந்து, பிளேட்டும் கனமாக இருந்தால், சூடேற்றாமல் சின்ன வெல்டு ஓட்டாதீர்கள். கனப் பிளேட் சூட்டைச் சட்டென்று உறிஞ்சிவிடும், வெல்டின் ஓரம் கெட்டியாகி விரிசல் விடும். மழைக்காலத்தில் ஈரம் குடித்த ராடும் சேர்ந்தால் விரிசல் மறுநாள்கூடத் தலைகாட்டும்.

கடையில் ஒரே சர்ட்டை எல்லாருக்கும் ஜெராக்ஸ் எடுத்துக் கொடுக்கிறார்கள். என் பிளேட்டுக்கு உரியதுதானா என்று எப்படித் தெரியும்?

ஒவ்வோர் உருக்குக்கும் ஆலை போடும் எண்ணான ஹீட் நம்பர்தான் தாளையும் இரும்பையும் கட்டிப்போடும் கயிறு. பிளேட்டில் பெயிண்டிலோ அச்சுக் குத்தியோ இருக்கும் எண் சர்ட்டில் இருக்க வேண்டும், கனமும் அதே வரியில் பொருந்த வேண்டும். சர்ட் 12 மில்லிமீட்டருக்கு, கையில் இருப்பது 10 என்றால் அந்தத் தாள் உங்களுடையது அல்ல. லோரியில் ஏற்றும் முன்பே போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். பட்டறையில் வெட்டும்போது எண் உள்ள மூலையைக் கடைசியில் வெட்டுங்கள், மீதித் துண்டில் அந்த எண்ணை மார்க்கரால் எழுதி வையுங்கள். பெரும்பாலும் தொடர்பு அறுவது கடையில் அல்ல, நம் மூலையில் கிடக்கும் துண்டுகளில்.

சர்ட்டில் 3.1 என்று இருந்தால் உங்கள் சரக்கின் தொகுதியிலேயே சோதித்து, உற்பத்திப் பிரிவைச் சாராத ஆலைப் பரிசோதகர் உறுதி செய்தது. 2.2 என்றால் முடிவுகள் உங்கள் தொகுதியிலிருந்து வந்திருக்க வேண்டியதில்லை. வேறு வேறு ஹீட்டுகளுக்கு எல்லா எண்ணும் அச்சு அசலாக ஒன்றாக இருந்தாலோ, ஒரு கட்டத்தில் மட்டும் எழுத்து வடிவம் மாறியிருந்தாலோ, சர்ட் எண்ணைக் குறிப்பிட்டு ஆலைக்கே எழுதிக் கேளுங்கள்.

டென்சைல் கட்டத்தில் 45 என்று இருக்கிறது. இவ்வளவு குறைவா?

அலகு ஒரு சதுர மில்லிமீட்டருக்குக் கிலோகிராம்-விசை, பழைய வழக்கம். 9.81-ஆல் பெருக்குங்கள்: 441 மெகாபாஸ்கல்.

செம்பனைக் குலை ஏற்றும் டிரெய்லரின் நீளச் சட்டம் தொய்கிறது. அடுத்ததை எஸ்355-இல் செய்தால் தொய்வு நிற்குமா? கனத்தையும் குறைக்கலாம் என்று பார்க்கிறேன்.

சுமையை இறக்கியதும் சட்டம் நேராகிறதா என்று முதலில் பாருங்கள். ஒரு நூலைக் கட்டி ஏற்றும்போதும் இறக்கிய பிறகும் அளந்தால் தெரிந்துவிடும். நேராகாமல் வளைந்தே நின்றால் யீல்டைத் தாண்டிவிட்டது, அங்கே எஸ்355 உதவும். நேராகிவிட்டால் அது வெறும் விறைப்புக் குறைவு. விறைப்பு எல்லாக் கட்டுமான இரும்புக்கும் ஏறத்தாழ ஒன்றுதான், சுமார் 2,10,000 மெகாபாஸ்கல். தரத்தை ஏற்றினாலும் மாறாது. கனத்தைக் குறைத்தால் இன்னும் அதிகமாகத் தொய்யும். அங்கே தேவை உயரம்: 125 சேனலுக்குப் பதில் 150 சேனல் போடுங்கள், சாதாரணத் தரமே போதும்.